ஒரு நாள் பிசகும் வயதுக் கணக்கு

பிறந்த தேதியையும் இன்றைய தேதியையும் கொடுத்து வயதைக் கேட்டால், எல்லா மென்பொருள்களும் ஒரே விடையைத் தருவதில்லை. ஆண்டின் பெரும்பாலான நாட்களில் விடைகள் ஒத்துப்போகும். பிறந்தநாளை ஒட்டிய ஓரிரு நாட்களிலும், பிப்ரவரிக் கடைசியிலும், மாதத்தின் 29, 30, 31ஆம் தேதிகளில் பிறந்தவர்களுக்கும்தான் கணக்கில் ஒன்று கூடும், அல்லது குறையும். தேர்வு எழுதும் தகுதி, ஓய்வு பெறும் நாள், நீதிமன்றத்தில் மனு போடக் கடைசி நாள் எல்லாம் அப்படிப்பட்ட நாட்களில்தான் முடிவாகின்றன.

கூட்டல் கழித்தலில் இங்கே தவறு நடப்பதில்லை. நாள் என்பது நிலையான அளவு. ஆண்டும் மாதமும் அப்படியல்ல. ஆண்டுக்கு 365 நாளோ 366 நாளோ இருக்கும். மாதத்துக்கு 28 முதல் 31 வரை எதுவும் இருக்கலாம். நிலையான அளவில் அளந்ததை நிலையில்லாத அளவுக்கு மாற்றும் இடத்தில்தான் பிசகு புகுகிறது.

மிகப் பரவலான தவறு வகுத்தல். இரண்டு தேதிகளுக்கும் இடையிலுள்ள நாட்களை எண்ணி, 365ஆல் வகுத்து, ஈவை வயது என்று எடுத்துக்கொள்வது. இடையில் வந்த லீப் நாட்கள் ஒவ்வொன்றும் கணக்கை ஒரு நாள் முன்னே தள்ளும். எனவே 18 வயது நான்கு அல்லது ஐந்து நாள் முன்னதாகவே வந்துவிடும்; 60 வயது பதினைந்து நாள் முன்னதாக வரும். இந்தப் பிழை பெரிதாகத் தெரிவதால் எப்படியும் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடித்ததும் செய்யும் திருத்தம்தான் ஆபத்தானது: 365ஐ 365.25 ஆக்குவது.

2005 ஆகஸ்ட் 15 அன்று பிறந்தவருக்கு 2023 ஆகஸ்ட் 15 அன்று 18 நிறைகிறது. இடையில் வந்த லீப் நாட்கள் நான்கு: 2008, 2012, 2016, 2020. மொத்தம் 6574 நாட்கள். இதை 365.25ஆல் வகுத்தால் 17.9986 கிடைக்கும், பின்னத்தை விட்டால் வயது 17. பிறந்தநாளன்றே அவர் மைனர் ஆகிவிடுகிறார். சரியாக ஓராண்டு கழித்து, 2006 ஆகஸ்ட் 15 அன்று பிறந்தவருக்கு 2024 ஆகஸ்ட் 15க்குள் ஐந்து லீப் நாட்கள் கடந்திருக்கும். 6575 நாட்களை வகுத்தால் 18.0014, வயது 18. ஒரே சூத்திரம், ஒரே மாதம், ஒரே தேதி. ஒருவருக்குச் சரி, மற்றவருக்குத் தவறு. 18 ஆண்டுகளுக்கு 365.25 வீதம் 6574.5 நாள் வரும். அரை நாள் எந்தக் காலண்டரிலும் இல்லை என்பதால், பிறந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இது பொய்த்துவிடும். 21 வயதுக்கு நிலைமை இன்னும் மோசம்: நான்கில் மூன்று பேருக்குத் தவறு.

ஆனால் 20, 40, 60 போன்ற நான்கின் மடங்குகளில் இந்தச் சூத்திரம் பிழையே செய்வதில்லை. 60 ஆண்டுகள் என்றால் 21,915 நாட்கள், 365.25ஐ 60ஆல் பெருக்கினாலும் அதேதான். 20 வயதையும் 60 வயதையும் வைத்துச் சோதித்தவர், சூத்திரம் சரி என்றே முடிவுகட்டுவார். கிரிகோரியன் ஆண்டின் சராசரியான 365.2425ஐப் போட்டாலும் தீராது. எந்தச் சராசரியும் ஒரு தனிமனிதரின் பிறந்தநாளைச் சொல்லாது.

சரியான முறை வகுப்பதே இல்லை, ஒப்பிடுவது. ஆண்டுகளின் வித்தியாசத்தை எடுத்து, இந்த ஆண்டின் பிறந்தநாள் இன்னும் வரவில்லை என்றால் ஒன்றைக் கழிக்க வேண்டும். வீட்டில் பெரியவர்கள் வாயால் சொல்லும் கணக்கும் இதுதான். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எட்டு இலக்க எண்ணாக எழுதிக்கொண்டால் இதையே ஒரே கழித்தலில் முடித்துவிடலாம்:

```
(20230814 - 20050815) / 10000 = 17.9999  →  17
(20230815 - 20050815) / 10000 = 18.0000  →  18
```

இங்கே வகுப்பது நாட்களை அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். 10000ஆல் வகுப்பது மாதத்தையும் தேதியையும் அறுத்தெறிவதற்கான உபாயம் மட்டுமே. இதற்கு நேர்மாறாக, மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வரில் உள்ள `DATEDIFF(year, ...)` ஆண்டு மாறிய எல்லைகளை மட்டும் எண்ணும். 2005 டிசம்பர் 31க்கும் 2006 ஜனவரி 1க்கும் இடையே ஓர் ஆண்டு என்று அது சொல்லும். அதன் ஆவணத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. வயதுக்கு அதைப் பயன்படுத்துவதுதான் தவறு.

பிறந்தநாள் வந்தாலே வயது நிறைந்துவிடுகிறதா, அதற்கு முந்தைய நாளே நிறைந்துவிடுகிறதா என்பது அடுத்த கேள்வி. இதற்கு மென்பொருள் விடை சொல்ல முடியாது; சட்டம்தான் சொல்ல வேண்டும். இந்திய உச்ச நீதிமன்றம் 1986இல் ராஜஸ்தான் அரசுப் பணித் தேர்வு வழக்கு ஒன்றில் இதை விசாரித்தது. ஜனவரி 1 அன்று விண்ணப்பதாரர் 28 வயதை எட்டியிருக்கக் கூடாது என்பது விதி. அவர் பிறந்தது 1956 ஜனவரி 2. கணக்குப் பார்க்க வேண்டிய நாள் 1984 ஜனவரி 1. பிறந்தநாளுக்கு இன்னும் ஒரு நாள் இருக்கிறதே என்பது அவர் வாதம். பிறந்த நாளை ஒரு முழு நாளாக எண்ண வேண்டும், எனவே குறிப்பிட்ட வயதைப் பிறந்தநாளுக்கு முந்தைய நாளிலேயே ஒருவர் எட்டிவிடுகிறார் என்றது நீதிமன்றம். அவர் தகுதியிழந்தார்.

இந்திய வயதுவந்தோர் சட்டமோ, பிறந்த நாளை முழு நாளாகச் சேர்க்கச் சொல்லிவிட்டு, பதினெட்டாவது பிறந்தநாளின் தொடக்கத்தில் ஒருவர் மேஜர் ஆகிறார் என்கிறது. இரண்டும் முரண்படுவதுபோலத் தோன்றினாலும் இரண்டும் சுட்டுவது ஒரே நள்ளிரவைத்தான். அந்த நொடியை முந்தைய நாளின் முடிவு என்று எழுதினால் ஒரு தேதி, மறுநாளின் தொடக்கம் என்று எழுதினால் இன்னொரு தேதி. ஒரு நாள் பிசகுகளில் பல இந்த எழுத்து வேற்றுமையிலிருந்தே பிறக்கின்றன. மத்தியப் பணியாளர் தேர்வாணையத்தின் அறிவிப்புகள் இந்த வம்பே வேண்டாம் என்று வயதோடு பிறந்த தேதிகளையும் அச்சிட்டுவிடுகின்றன. 2024 ஆகஸ்ட் 1 அன்று 18 முதல் 27 வரை என்றால், 2-8-1997க்கு முன்போ 1-8-2006க்குப் பின்போ பிறந்திருக்கக் கூடாது என்று எழுதுவார்கள். அந்த இரு தேதிகளும் கையில் இருக்கும்போது வயதைக் கணக்கிடும் தேவையே எழாது.

இதே நள்ளிரவுதான் மத்திய அரசு ஊழியர்களின் ஓய்வு நாளிலும் வேலை செய்கிறது. அடிப்படை விதி 56இன்படி, 60 வயதை எட்டும் மாதத்தின் கடைசி நாள் பிற்பகலில் ஊழியர் ஓய்வு பெறுவார். ஆனால் மாதத்தின் முதல் தேதியில் பிறந்தவர் முந்தைய மாதத்தின் கடைசி நாளிலேயே போக வேண்டும். முதல் தேதிக்காரர்களுக்கு ஒரு மாதச் சம்பளத்தைப் பறிக்கும் தனி விதிபோல இது அலுவலகங்களில் பேசப்படுவதுண்டு. உண்மையில் இது விதிவிலக்கே அல்ல. முதல் தேதியில் பிறந்தவர் முந்தைய நாளே 60ஐ எட்டிவிடுகிறார். அந்த முந்தைய நாள் முந்தைய மாதத்தில் விழுகிறது, அவ்வளவுதான். 1964 மார்ச் 1 அன்று பிறந்தவர் 60 வயதை எட்டுவது 2024 பிப்ரவரி 29, அன்றே ஓய்வு. மார்ச் 2 அன்று பிறந்தவர் எட்டுவது மார்ச் 1. ஓய்வு மார்ச் 31. எக்செல்லில், பிறந்த தேதி `A1` கட்டத்தில் இருந்தால், இரண்டு விதிகளையும் ஒரே வரி அடக்கிவிடும்:

```
=EOMONTH(EDATE(A1,720)-1, 0)
```

720 மாதங்களைக் கூட்டி, ஒரு நாளைக் கழித்து, வந்த மாதத்தின் கடைசி நாளை எடுப்பதுதான் இதன் வேலை. லீப் ஆண்டா என்று தனியே கேட்கத் தேவையில்லை. பிப்ரவரிக்கு 28 என்று கையால் எழுதிவைத்த பட்டியல்தான் 2024 போன்ற ஆண்டில் ஒரு நாள் சேவையை விழுங்கும்.

பிப்ரவரி 29 அன்று பிறந்தவர்களின் சிக்கல் வேறு வகை. நான்கின் மடங்கல்லாத வயதுகளில் அவர்களுக்குப் பிறந்த தேதியே காலண்டரில் இருக்காது. 18உம் 21உம் அப்படிப்பட்ட வயதுகள் என்பதால், இது எப்போதாவது நேரும் விதிவிலக்கு அல்ல. லீப் நாளில் பிறந்த ஒவ்வொருவரும் மேஜர் ஆகும்போது இந்த மேட்டைக் கடந்தே ஆக வேண்டும். 2008 பிப்ரவரி 29 அன்று பிறந்தவருக்கு 18 வயது 2026இல் எந்த நாளில் வருகிறது? ஹாங்காங் சட்டம் மார்ச் 1 என்கிறது. தைவானின் சிவில் சட்டத்தில், மாதத்தில் அந்தத் தேதி இல்லாவிட்டால் மாதத்தின் கடைசி நாளோடு காலம் முடிகிறது. ஜப்பானில் 1902ஆம் ஆண்டின் வயதுக் கணிப்புச் சட்டப்படி எல்லோருக்குமே பிறந்தநாளுக்கு முந்தைய நாளின் முடிவில் வயது கூடும். லீப் நாளில் பிறந்தவருக்கு லீப் ஆண்டானாலும் இல்லாவிட்டாலும் அது பிப்ரவரி 28தான். அதே சட்டத்தால்தான் அங்கே ஏப்ரல் 1 அன்று பிறந்த குழந்தை, ஏப்ரல் 2 அன்று பிறந்த குழந்தைக்கு ஓராண்டு முன்பே பள்ளியில் சேர்கிறது.

இந்தியச் சட்டம் பிப்ரவரி 29ஐப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. பிறந்த நாளை முழு நாளாக எண்ணும் முறையில் பார்த்தால் பதினெட்டாவது ஆண்டு 2026 பிப்ரவரி 28 நள்ளிரவோடு முடிகிறது. அடுத்த நொடி மார்ச் 1. மேலே சொன்ன எட்டு இலக்க முறையும் பிப்ரவரி 28 அன்று 17 என்றும், மார்ச் 1 அன்று 18 என்றும் தரும். மென்பொருள் நிரல்களில் மட்டும் ஒருமை இல்லை. ஜாவா மொழியில், ஒரே நூலகத்தின் இரண்டு கட்டளைகள் இப்படி விடை சொல்கின்றன:

```java
LocalDate b = LocalDate.of(2008, 2, 29);
b.plusYears(18);                      // 2026-02-28
ChronoUnit.YEARS.between(b,
    LocalDate.of(2026, 2, 28));       // 17
```

18 ஆண்டைக் கூட்டினால் பிப்ரவரி 28 வருகிறது. அந்த பிப்ரவரி 28 அன்று எத்தனை ஆண்டு ஆயிற்று என்று கேட்டால் 17 என்கிறது. ஒரு விண்ணப்பத்தின் முதல் பக்கம் கூட்டலாலும் இரண்டாம் பக்கம் கழித்தலாலும் தகுதியைச் சோதித்தால், அன்று ஒரு நாள் மட்டும் இரண்டு பக்கங்களும் சண்டையிடும்.

பைத்தானில் ஆண்டு எண்ணை மட்டும் மாற்ற `date(2024, 2, 29).replace(year=2025)` என்று எழுதினால் நிரல் பிழை காட்டி நின்றுவிடும். தவறான விடை தருவதைவிட இது மேல் என்றாலும், நிற்கும் இடத்தைப் பொறுத்து விளைவு பெரிதாகலாம். மைக்ரோசாஃப்டின் அஷூர் சேவை 2012 பிப்ரவரி 29 அன்று முடங்கியதற்கு மூலகாரணம் இந்த ஆண்டுக் கூட்டல்தான். ஓராண்டு செல்லுபடியாகும் சான்றிதழ் ஒன்றை உருவாக்கும் நிரல், இன்றைய தேதியை எடுத்து ஆண்டில் ஒன்றைக் கூட்டியது. கிடைத்தது 2013 பிப்ரவரி 29. அப்படியொரு நாள் இல்லை. சான்றிதழ் உருவாகாததால் மெய்நிகர் கணினிகள் தொடங்கவில்லை. மீண்டும் மீண்டும் முயன்று தோற்றதும், பழுது வன்பொருளில்தான் என்று அமைப்பு தவறாக முடிவெடுத்தது.

மாதக் கடைசி, இதே சிக்கலை ஆண்டுக்குப் பல முறை கொண்டுவருகிறது. லீப் அல்லாத ஆண்டில் ஜனவரி 31க்கு ஒரு மாதம் கழித்து எந்தத் தேதி? எக்செல்லின் `EDATE`, ஜாவா, மைஎஸ்க்யூஎல் ஆகியவை மாதத்தின் கடைசி நாளில் நிறுத்திக்கொள்ளும்: பிப்ரவரி 28. ஜாவாஸ்கிரிப்ட்டும் பிஎச்பியும் பிப்ரவரி 31 என்று வைத்துக்கொண்டு மிச்ச நாட்களை அடுத்த மாதத்தில் தள்ளும்: மார்ச் 3. இரண்டாம் முறையில், மாதம் ஒரு முறை அனுப்ப வேண்டிய ரசீது பிப்ரவரியில் போகாமலே இருந்துவிடும். முதல் முறைக்கும் ஒரு பொறி உண்டு. ஜனவரி 31இல் தொடங்கிய தவணைக்கு, சென்ற தவணைத் தேதியோடு ஒரு மாதம் என்று கூட்டிக்கொண்டே போனால் பிப்ரவரி 28, மார்ச் 28, ஏப்ரல் 28 என்று தேதி 28இல் ஒட்டிக்கொள்ளும். தொடக்கத் தேதியோடு ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்று மாதம் என்று கூட்டினால் பிப்ரவரி 28, மார்ச் 31, ஏப்ரல் 30 என்று சரியாக வரும். எனவே தவணை அட்டவணையில் தொடக்கத் தேதியை எப்போதும் வைத்திருக்க வேண்டும்.

மனிதர்களும் இதில் தடுமாறியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் 1978 செப்டம்பர் 30 அன்று ஓர் இடத்தின் உரிமையாளர் தன் குத்தகைதாரருக்கு நோட்டீஸ் கொடுத்தார். அதிகபட்சம் நான்கு மாதத்துக்குள் குத்தகைதாரர் நீதிமன்றத்தை அணுக வேண்டும். செப்டம்பரின் கடைசி நாளில் தொடங்கிய கெடு ஜனவரியின் கடைசி நாளில்தான் முடியும் என்று நினைத்து அவர் ஜனவரி 31 அன்று மனு போட்டார். வழக்கு 1981இல் பிரபுக்கள் அவை வரை போயிற்று. மாதக் கணக்கு, தொடங்கிய தேதியின் அதே எண்ணுள்ள தேதியில்தான் முடியும். அந்த எண் அந்த மாதத்தில் இல்லாவிட்டால் மட்டுமே கடைசி நாளுக்குப் போக வேண்டும் என்பது தீர்ப்பு. கெடு ஜனவரி 30இலேயே முடிந்திருந்தது. மனு ஒரு நாள் தாமதம். இந்திய உச்ச நீதிமன்றமும் 2010இல் ஹிமாசலப் பிரதேச நடுவர் தீர்ப்பு வழக்கொன்றில் இந்த விதியை ஏற்றது. மூன்று மாதம் என்று சட்டம் சொன்னால் அதை 90 நாளாக மாற்றிக்கொள்ளக் கூடாது என்றது.

மாதக் கடைசியில் நிறுத்திக்கொள்ளும் முறையில், லீப் அல்லாத ஆண்டில் ஜனவரி 28, 29, 30, 31 நான்குக்கும் ஒரு மாதம் கழித்து வருவது ஒரே பிப்ரவரி 28. நான்கு கதவு வழியாக ஒரே அறைக்குள் நுழைந்தவர், வந்த வழியே திரும்புவது எந்தக் கதவால் என்று அறைக்குத் தெரியாது. அதனால்தான் ஒரு மாதத்தைக் கூட்டி ஒரு மாதத்தைக் கழித்தால் புறப்பட்ட தேதிக்கே வருவோம் என்ற உறுதி இல்லை. விண்ணப்பப் படிவங்கள் கேட்கும் ‘ஆண்டு, மாதம், நாள்’ வயது இதனால்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

ஏப்ரல் 30இலிருந்து ஜூன் 1 வரை எவ்வளவு? ஏப்ரல் 30இலிருந்து முன்னோக்கி நடந்தால் மே 30க்கு ஒரு மாதம், பிறகு இரண்டு நாள்: 1 மாதம் 2 நாள். ஜூன் 1இலிருந்து பின்னோக்கி நடந்தால் மே 1க்கு ஒரு மாதம், பிறகு ஒரு நாள்: 1 மாதம் 1 நாள். இடையிலிருப்பது 32 நாட்கள்தான். மாதத்தை மே 1இல் தொடங்கி எண்ணினால் 31 போகும், ஏப்ரல் 30இல் தொடங்கி எண்ணினால் 30 போகும். ஜாவா முதல் விடையைத் தருகிறது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் `age` இரண்டாவதைத் தருகிறது, காரணத்தையும் இதே தேதிகளோடு தன் கையேட்டில் விளக்குகிறது. இரண்டும் நியாயமான விடைகளே. எதை ஏற்பது என்பதைப் படிவம் கேட்பவர்தான் சொல்ல வேண்டும்.

எக்செல்லின் `DATEDIF` கட்டளையில் நாட்களுக்கான `"MD"` மட்டும் நியாயத்துக்கு அப்பாற்பட்டது. அது முந்தைய மாதத்தின் நாட்களைக் கடன் வாங்கிக் கழிக்கும். 2001 ஜனவரி 31 அன்று பிறந்தவருக்கு 2023 மார்ச் 1 அன்று 22 ஆண்டு 1 மாதம் என்று சரியாகவே சொல்லிவிட்டு, நாட்களுக்கு 1 + 28 - 31 என்று கணக்கிட்டு -2 என்று காட்டும். இந்த `"MD"` எதிர்மறை எண்ணையோ பூஜ்யத்தையோ தவறான விடையையோ தரலாம் என்று மைக்ரோசாஃப்டே எச்சரிக்கிறது. அதற்கு மாற்று, நிறைந்த மாதங்களை முதலில் எண்ணி, பிறந்த தேதியோடு அத்தனை மாதங்களை `EDATE` மூலம் கூட்டி, கிடைத்த தேதியை இன்றைய தேதியிலிருந்து கழிப்பது. மேலே சொன்னவருக்கு 265 மாதங்களைக் கூட்டினால் 2023 பிப்ரவரி 28. மார்ச் 1க்கு ஒரு நாள். விடை 22 ஆண்டு 1 மாதம் 1 நாள்.

ஒரு வயதுக் கணக்கு நம்பத்தக்கதா என்று பார்க்க, ஒரே பிறந்த தேதியை வைத்துக்கொண்டு இன்றைய தேதியை ஒவ்வொரு நாளாக நான்கு ஆண்டுக்கு நகர்த்திப் பார்த்தால் போதும். ஆண்டு வயது ஒருபோதும் குறையக் கூடாது. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒரே ஒரு முறைதான் கூட வேண்டும். நாட்களின் எண்ணிக்கை எங்கும் பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது. பிறந்த தேதிகளாக ஜனவரி 31, பிப்ரவரி 28, பிப்ரவரி 29, மார்ச் 1, டிசம்பர் 31 ஆகிய ஐந்தை எடுத்துக்கொள்ளலாம். வயதாக 20ஐயோ 60ஐயோ வைக்காமல் 18ஐயும் 21ஐயும் வைத்தால், 365.25 சூத்திரம் முதல் ஓட்டத்திலேயே பிடிபட்டுவிடும்.